தரம் 4 பிள்ளைக்கு நிலாவின் வடிவம் மாறும் பாடத்தைத் தமிழில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வெள்ளவத்தை அம்மா

வணக்கம். என் மகன் தரம் 4 இல் ஆங்கில மொழிமூலம் படிக்கிறான். வீட்டில் முழுக்கத் தமிழ்தான் பேசுவோம். இந்த வாரம் சயன்ஸ் பாடத்தில் நிலாவின் வடிவம் ஏன் மாறுகிறது என்பது வந்திருக்கிறது. எட்டு வடிவத்தின் ஆங்கிலப் பெயரையும் வரிசை பிசகாமல் சொல்கிறான். ஆனால் நேற்று அப்பம்மா, "அப்ப நிலா ஏன் ராசா தேயுது?" என்று கேட்டதும், "மிச்சத்தை மேகம் மறைக்குது" என்று பதில் சொன்னான்.

புத்தகத்தில் உள்ள படத்தை வைத்து விளக்கப் பார்த்தேன். நடுவில் பூமி, ஒரு பக்கத்திலிருந்து சூரிய வெளிச்சம், பூமியைச் சுற்றி எட்டு நிலா. அதற்கு வெளியே இன்னொரு வட்டத்தில் இன்னும் எட்டு நிலா. "ஒரு நிலாதானே அம்மா இருக்கு, இதில ஏன் பதினாறு?" என்று கேட்கிறான். உள்வட்டத்தில் எல்லா நிலாவும் பாதி வெள்ளையாகவும், வெளிவட்டத்தில் வேறு வேறு மாதிரியாகவும் இருப்பது அவனுக்கு இன்னும் குழப்பம்.

ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து புள்ளி எடுத்துவிடுவான். அது எனக்குப் போதாது. அப்பம்மாவுக்குத் தமிழில் சொல்லக்கூடிய அளவுக்கு அவனுக்கு விளங்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை எங்கிருந்து தொடங்குவது? யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?

பம்பலப்பிட்டி

இதற்குத்தான் ஆரம்பத்திலேயே தமிழ் மொழிமூலத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்வது. என் அண்ணாவின் மகளைத் தரம் 3 இல் மாற்றினார்கள். முதல் தவணை கஷ்டப்பட்டாள், இப்போது சுற்றாடல் பாடம் எல்லாம் நன்றாகச் செய்கிறாள். தரம் 6 க்கு முதல் மாற்றுவதுதான் சுகம். எந்தப் பக்கம் பாடசாலை பார்க்கிறீர்கள் என்று சொன்னால் விசாரித்துத் தரலாம்.

வெள்ளவத்தை அம்மா

நன்றி அண்ணா. மொழிமூலம் மாற்றும் யோசனை இப்போது இல்லை. இந்த ஒரு பாடத்தைத் தமிழில் விளங்கப்படுத்தத்தான் வழி தேடுகிறேன்.

ஏழாம் மாடி

சுலபமான விஷயம்தானே. நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, சூரிய வெளிச்சம் பட்டுத்தான் தெரிகிறது. அது பூமியைச் சுற்றி வர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கிறது. சுற்றி வரும்போது பூமியின் நிழல் நிலாவில் விழுகிறது. கொஞ்சம் விழுந்தால் தேய்பிறை, முழுக்க விழுந்தால் அமாவாசை, விழாவிட்டால் பூரணை. ஒரு டோர்ச்சும் இரண்டு பந்தும் எடுத்துக் காட்டுங்கள், பத்து நிமிட வேலை.

கொட்டாஞ்சேனை டீச்சர்

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இந்தப் பாடத்தைப் பல வகுப்புக்கு எடுத்திருக்கிறேன். மேலே தம்பி சொன்னதில் முதல் இரண்டு வரியும் சரி. நிழல் என்பது மட்டும் சரியில்லை. பெரியவர்கள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள், அதனால் பிள்ளைக்கும் அதுவே போய்ச் சேர்கிறது. ஆகவே அதை முதலில் பார்ப்போம்.

அமாவாசை முடிந்து மூன்றாம் நாள் மாலை மெரின் டிரைவிலோ காலிமுகத்திடலிலோ நின்று பாருங்கள். சூரியன் இப்போதுதான் கடலுக்குள் இறங்கியிருக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே, அதே மேற்குப் பக்கத்தில், பிறை நிற்கும். சூரியன் மேற்கில் இருந்தால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? கிழக்கே. சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கிற பிறையின்மேல் அந்த நிழல் எப்படிப் போய் விழும்? மகனிடம் இந்தக் கேள்வியையே கேட்கலாம். மாலையில் தன் நிழல் எந்தப் பக்கம் நீளும் என்பது அவனுக்குத் தெரியும்தானே.

அப்படியென்றால் இருட்டாகத் தெரியும் மிச்சப் பகுதி என்ன? அது நிலாவின் இரவுப் பக்கம். எந்த நேரத்தில் பார்த்தாலும் நிலாவின் ஏதோ ஒரு பாதியில் பகல், மறு பாதியில் இரவு. அமாவாசையிலும் பாதி, பூரணையிலும் பாதி. நிலா சுற்றி வரும்போது அந்தப் பகல் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பித் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. பாடம் முழுக்க இவ்வளவுதான். புத்தகப் படத்தில் உள்வட்டத்து நிலா எல்லாம் பாதி வெள்ளையாக இருப்பது இதனால்தான். வெளிவட்டம் நாம் இங்கிருந்து பார்ப்பது. இரண்டையும் ஒரே தாளில் போட்டுவிட்டதால் பிள்ளைக்குப் பதினாறு நிலா ஆகிவிட்டது. ஆகவே இப்போதைக்கு அந்தப் படத்தை மூடி வையுங்கள். செய்து பார்த்த பிறகு திறக்கலாம்.

செய்யும் முறை இது. புத்தகக் கடையில் சின்ன ரெஜிபோம் பந்து ஒன்று வாங்கி ஈர்க்கிலோ பென்சிலோ குத்திக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு போதும். இரவில் ஓர் அறையின் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, கூடு இல்லாத ஒரே ஒரு பல்பை மகனின் தலை உயரத்துக்கு வையுங்கள். டோர்ச் வேண்டாம். அதன் வெளிச்சம் ஒரு கற்றையாகத்தான் போகும், பந்து கொஞ்சம் விலகினாலே இருண்டுவிடும். மகன் பல்பிலிருந்து ஆறேழு அடி தள்ளி நிற்கட்டும். பல்ப் சூரியன், அவனுடைய தலை பூமி, பந்து நிலா.

கையை நீட்டிப் பந்தைப் பல்புக்கு நேரே, தலையை விடக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அவன் பார்க்கும் பக்கம் இருட்டாக இருக்கும். அதுதான் அமாவாசை. பிறகு பந்தை நீட்டியபடியே மெதுவாகத் தன் இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். பந்தின் வலது ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு வரும். இன்னும் திரும்பினால் பாதி. பல்புக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பந்து முழுக்க வெளிச்சம், அதாவது போயா. தொடர்ந்து திரும்பினால் வலது பக்கத்திலிருந்து தேய்ந்துகொண்டு வரும்.

ஒன்றையும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். "இப்ப எந்தப் பக்கம் வெளிச்சம்? பல்ப் உனக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வருவதை அவனே கவனிப்பான்.

தெமட்டகொட வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். டீச்சர், எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நோன்பு வருவதற்கு முதல் ஒவ்வொரு வருடமும் வரும். 29 ஆம் நாள் மஃரிப் முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேல் தட்டுக்குப் போய்ப் பிறை பார்ப்போம். பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்குக் காத்திருப்போம். மகளுக்கு ஆறு வயது. "கலண்டரில் அமாவாசை நேற்றே முடிஞ்சிட்டுதே வாப்பா, ஏன் இன்டைக்குப் பிறை இல்ல?" என்று கேட்டாள். வானத்தில் மேகமும் இருக்கவில்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனை டீச்சர்

வஅலைக்கும் ஸலாம். நல்ல கேள்வி, இந்தப் பாடத்தோடு நேராகச் சேருவதும்கூட. அமாவாசைக்கு அடுத்த மாலையில் நிலா சூரியனை விட்டு அதிகம் விலகியிருக்காது. பகல் பாதியின் மிக மெல்லிய ஓரம் மட்டும்தான் நம் பக்கம் திரும்பியிருக்கும். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். வானம் இருட்டிப் பிறை தெரிவதற்கு முதலே நிலா இறங்கிவிடுகிறது. நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. அதனால் அடுத்த நாள் மாலை இருட்டிய பிறகும் மேலே நிற்கும், ஓரமும் தடித்திருக்கும், எல்லோருக்கும் தெரியும். பந்தை வைத்து இதையும் காட்டலாம். பல்புக்கு நேரே இருந்து ஒரு விரற்கடை திரும்பினால் வெளிச்சக் கோடு கண்ணுக்கே பிடிபடாது, பல்பின் கூச்சம் வேறு.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பந்து விளையாட்டு இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இன்னொருவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசிக்க அந்த வயதில் கஷ்டம். வானத்தைப் பார்த்துக் கலண்டரில் வட்டம் வரையட்டும். காரணம் பிறகு வரும்.

தெமட்டகொட வாப்பா

விளக்கம் தெளிவு டீச்சர், ஜஸாக்கல்லாஹ். வயது விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் காரணம் தெரிய ஆசை இருக்கிறதுதானே. முழுக்க விளங்காவிட்டாலும் பந்தைக் காட்டத்தான் போகிறேன்.

ஏழாம் மாடி

டீச்சர், நிழல் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் 2025 செப்டெம்பர் 7 போயா அன்று இரவு நாங்கள் குடும்பமாக மாடியில் நின்று பார்த்தது என்ன? பத்து மணிக்குக் கொஞ்சம் முதல் ஓர் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கி, பதினொரு மணிக்கு நிலா முழுக்கச் செம்பு நிறமாகிவிட்டது. பூமியின் நிழல் என்றுதானே செய்தியிலும் சொன்னார்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

அது நிழல்தான் தம்பி, சந்திர கிரகணம். அன்றைக்கு என்னென்ன வித்தியாசம் பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முழு நிலாவை நிழல் மூட ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது. விடியற்காலம் ஒன்றரை மணிக்குள் நிழல் விலகி நிலா பழையபடி வந்துவிட்டது. பூரணையிலிருந்து அமாவாசைக்குத் தேய இரண்டு கிழமை வேண்டும். அன்றைக்கு நிழலின் விளிம்பு மங்கலாக இருந்தது, நிறமும் சிவந்தது. பிறை நிலாவில் ஒருநாளும் அந்தச் சிவப்பு வராது. முக்கியமானது, கிரகணம் பூரணை அன்றுதான் வரும். சூரியன் ஒரு பக்கம், நிலா எதிர்ப்பக்கம், நடுவில் பூமி என்று நிற்க வேண்டும். நிழல் விழக்கூடிய நாள் போயாதான், அன்றைக்கு நிலா முழுசாக இருக்கிறது. நிழல் விழவே முடியாத நாள் அமாவாசை, அன்றைக்கு நிலா தெரியவே இல்லை. நிழல்தான் காரணம் என்றால் இரண்டும் மாறி அல்லவா இருக்க வேண்டும்?

ஏழாம் மாடி

சரி, அந்தக் கணக்கு விளங்குகிறது. அப்போது இன்னொரு கேள்வி வருகிறது. ஒவ்வொரு போயாவுக்கும் மூன்றும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன என்றால், ஒவ்வொரு போயாவுக்கும் கிரகணம் வர வேண்டுமே. ஏன் வருவதில்லை?

கொட்டாஞ்சேனை டீச்சர்

புத்தகப் படம் செய்கிற இன்னொரு குழப்பம் இது. தாளில் இடம் போதாது, அதனால் நிலாவைப் பூமிக்குப் பக்கத்திலேயே வரைகிறார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் நிழல் தப்பாமல் விழும் என்றுதான் தோன்றும்.

உண்மையான அளவில் வைத்துப் பாருங்கள். 8 சென்ரிமீற்றர் அகலமான ஒரு தோடம்பழம் பூமி என்றால், நிலா 2 சென்ரிமீற்றர் அளவான ஒரு பெரிய போளை. அதை எங்கே வைக்க வேண்டும் தெரியுமா? பூமியின் அகலத்தைப் போல் 30 மடங்கு தள்ளி, அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மீற்றர் தூரத்தில். வெள்ளவத்தை பிளட்டில் என்றால் அறையின் மறு சுவருக்கே போய்விடும். நிலா சுற்றும் பாதையும் சுமார் 5 பாகை சரிந்திருக்கிறது. அந்தத் தூரத்தில் 5 பாகை என்றால் போளை 20 சென்ரிமீற்றர் வரை மேலேயோ கீழேயோ போகலாம். நிழலோ தோடம்பழத்தை விடவும் ஒடுக்கமானது. பெரும்பாலான போயாக்களில் நிலா அந்த நிழலுக்கு மேலாலோ கீழாலோ போய்விடுகிறது. பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

மெல்பேர்ன் மாமா

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன், இப்போது மெல்பேர்னில் இருக்கிறேன். இங்கே வந்த முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். இங்கு வளர்பிறை இடப்பக்கம் வெளிச்சமாகத் தெரியும். ஊரில் பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் வலப்பக்கம். என் மகளின் இங்குள்ள புத்தகத்தில் இடப்பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் எப்படி? சின்ன வயதில் பார்த்த ஞாபகத்தில் அது படுத்துக் கிடந்த மாதிரித்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை டீச்சர்

உங்கள் ஞாபகம் சரி. வெள்ளவத்தை அம்மாவும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மகன் புத்தகத்தையும் வானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தடுமாறுவான்.

ஆங்கிலப் புத்தகப் படம் லண்டன் மாதிரி வடக்கே தள்ளியுள்ள ஊர்களுக்குப் பொருந்தும். அங்கே மாலைப் பிறை வலப்பக்கம் வெளிச்சமாக, நிமிர்ந்து நிற்கும். கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகைதான் வடக்கே. இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பிறை அதற்கு நேர் மேலே நிற்பதால் வெளிச்சம் கீழ்ப்பக்கத்தில்தான் படும். அதனால் ஓடம் மாதிரிப் படுத்துத் தெரியும். மாசி, பங்குனியில் வலப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும், ஆவணி, புரட்டாதியில் இடப்பக்கம் கூடச் சரிந்திருக்கும், ஆனால் படத்தில் உள்ளதுபோல நிமிர்ந்து நிற்காது.

எந்த ஊரிலும் மாறாத ஒன்று உண்டு. வெளிச்சமான பக்கம் சூரியன் இருக்கும் திசையைப் பார்த்தபடி இருக்கும். லண்டன், மெல்பேர்ன், கொழும்பு எங்கும் அதுதான். அதைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் இடம், வலம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பம்பலப்பிட்டி

கொழும்புக் கோள்மண்டலத்துக்கும் கூட்டிக்கொண்டு போகலாமே. 1965 இல் கட்டியது, தாமரை மொட்டு மாதிரிக் கட்டடம். தமிழில் காட்சி எந்த நாளில் என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளவத்தை அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு செய்து பார்த்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், டீச்சர் பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் தடவை மகன் வலப்பக்கமாகத் திரும்பிவிட்டான், பிறை மறுபக்கத்தில் வந்தது. மறுபடி இடப்பக்கம் திரும்பச் செய்தேன். பல்புக்கு முதுகு காட்டி நின்றபோது பந்தில் அவனுடைய தலை நிழல் விழுந்து முழுக்கக் கறுத்துவிட்டது. "அம்மா, கிரகணம்!" என்று அவனே கத்தினான். கையை உயர்த்தியதும் பூரணை வந்தது. அந்த இடத்தில் நிழலுக்கும் தேய்பிறைக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு நன்றாகவே பட்டது என்று நினைக்கிறேன்.

தங்கச்சியும் விளையாட்டில் சேரக் கேட்டு அழுதாள். அவளைப் பல்புக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, அண்ணாவின் பந்து எப்படித் தெரிகிறது என்று சொல்லச் சொன்னேன். அவன் எங்கே திரும்பினாலும் அவள் "முழு வெள்ளை, முழு வெள்ளை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் "எனக்குப் பாதிதான் தெரியுது, அவளுக்கு எப்படி முழுசா?" என்று கேட்டு, அவளிருந்த இடத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தான். பிறகு தானே சொன்னான்: "வெளிச்சம் மாறேல்ல அம்மா. பார்க்கிற இடம்தான் வேற."

ஆனால் காலையில் அப்பம்மாவுக்குச் சொன்னபோது ஒரு சிக்கல் வந்தது. "பூமி சுத்துறதால ஒரு நாளில எல்லா வடிவமும் வரும்" என்றான். நான் இல்லை என்றேன். "நான் ஒருக்கா சுத்தினேன், எல்லாம் வந்துதே" என்கிறான். இதை எப்படித் திருத்துவது?

கொட்டாஞ்சேனை டீச்சர்

தங்கச்சியைப் பல்புக்குப் பக்கத்தில் வைத்தது மிக நல்ல வேலை. சூரியனிலிருந்து பார்த்தால் நிலா எப்போதும் முழு நிலாதான். அதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

மகனின் சிக்கல் இந்தச் செயல்முறையின் பலவீனம். வகுப்பிலும் ஒவ்வொரு முறை வந்திருக்கிறது. அவன் நின்ற இடத்தில் திரும்புவதால், பூமி தன்னைத்தானே சுற்றுவதுதான் காரணம் என்று நினைக்கிறான். ஆகவே இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்யுங்கள். அவன் நடுவில் ஒரு ஸ்டூலில் இருக்கட்டும். பந்தை நீங்கள் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றி மெதுவாக நடவுங்கள். பல்பைப் பார்த்திருக்கும் அவனுடைய இடது கைப் பக்கமாக நடக்கத் தொடங்குங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு நாள் என்று கிழமையின் நாளைச் சொல்லிக்கொண்டு போங்கள். ஓர் இடத்தில் நின்று, "நிலா இங்கேயே நிக்குது. இப்ப நீ ஸ்டூலில ஒரு சுற்று சுத்து. அது ஒரு நாள்" என்று சொல்லுங்கள். அவன் சுற்றும்போது பந்து கண்ணுக்கு எட்டும், பிறகு மறையும், மறுபடி எட்டும். அதுதான் நிலா உதிப்பதும் மறைவதும். வடிவம் மாறாது. அதன் பிறகு நீங்கள் இன்னோர் அடி நகர்ந்தால்தான் வடிவம் மாறும்.

விளங்கிவிட்டதா என்று அறிய இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "இன்டைக்கு ஏழு மணிக்கு அரை நிலா பார்த்தாய். ஒன்பது மணிக்கு அது எப்பிடி இருக்கும்?" அதே அரை நிலா, ஆனால் வேறு இடத்தில், மேற்கே இறங்கியிருக்கும் என்று சொன்னால் போதும்.

கணக்குக்குச் சுவர்க் கலண்டர் இருக்கிறது. ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்கு அவனையே எண்ணச் சொல்லுங்கள். 2025 இல் வெசாக் மே 12, பொசன் ஜூன் 10, எசல ஜூலை 10. முதலாவது இடைவெளி 29 நாள், அடுத்தது 30. மாறி மாறி அப்படித்தான் வரும், ஏனென்றால் நிலாவின் சுற்று இருபத்தொன்பதரை நாள். ஒரு நாளில் எல்லா வடிவமும் வந்துவிடும் என்றால் ஒவ்வொரு நாளும் போயா லீவு வேண்டும் என்று அவனுக்கே விளங்கும்.

மெல்பேர்ன் மாமா

வானத்தில் பார்க்க எந்த நாள் நல்லது என்றும் சொல்லுங்கள் டீச்சர். இங்கே பிள்ளைகளுக்கு அட்டவணை கொடுத்தே செய்யச் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

கொழும்பில் மார்கழியிலிருந்து பங்குனி வரை நல்லது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, கடற்பக்கம் அடிவானத்தில் மேகம் கட்டி நிற்கும், பிறை கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

அமாவாசைக்கு அடுத்த இரண்டு மூன்று மாலை கடற்கரைக்குப் போங்கள். அதிலிருந்து ஒரு கிழமைக்குள் பொழுது படும் நேரத்தில் அரை நிலா தலைக்கு மேலே நிற்கும். கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை, முற்றத்தில் நின்றாலே தெரியும். போயா அன்று பொழுது படும் நேரத்தில் கிழக்கே உதிக்கும். மெரின் டிரைவில் நின்றால் கட்டடங்கள் மறைக்கும், மேல் தட்டுக்கு ஏறுங்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்ப்பது முக்கியம். அப்போதுதான் நிலா மேற்கிலிருந்து கிழக்கே நாளுக்கு நாள் நகர்வதும், நகர நகர வளர்வதும் ஒன்றுதான் என்று தெரியும்.

போயாவுக்கு ஒரு கிழமைக்குப் பிறகு காலையில் ஸ்கூல் வானுக்கு நிற்கும்போது மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஆறரை மணிக்கு அரை நிலா உச்சிக்குச் சற்று மேற்கே நிற்கும். வெளிச்சப் பக்கம் சூரியன் உதிக்கும் கிழக்கைப் பார்த்திருக்கும். நிலா இரவில்தான் வரும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஏழாம் மாடி

பரீட்சைத் தாளில் என்ன வரைவது? பிள்ளை கொழும்பில் பார்த்தபடி படுத்த பிறையை வரைந்தால் புள்ளி போய்விடும். புத்தகத்தில் உள்ளதை வரைவதுதான் புத்தி.

தெமட்டகொட வாப்பா

கண்ணால் பார்த்ததை வரைந்த பிள்ளைக்குப் புள்ளி குறைக்க எந்த டீச்சருக்கு மனம் வரும்? வரைந்துவிட்டுப் பக்கத்தில் சூரியன் எங்கே என்று ஓர் அம்புக்குறி போட்டால் சரிதானே.

கொட்டாஞ்சேனை டீச்சர்

திருத்துபவர் கையில் விடைத்தாள் ஒன்று இருக்கும் வாப்பா, அதில் நிமிர்ந்த பிறைதான் இருக்கும். எனக்கும் அந்த அம்புக்குறி பிடித்திருக்கிறது. ஆனால் புள்ளி கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தை அம்மா

ஸ்டூல் முறை வேலை செய்தது. ஏழு மணி, ஒன்பது மணிக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னான். புத்தகத்தையும் திறந்தோம். உள்வட்டத்தைக் காட்டி "இது தங்கச்சி பார்த்த பாதி", வெளிவட்டத்தைக் காட்டி "இது நான் பார்த்தது" என்றான். ஆங்கிலப் பெயர்களைப் படத்தில் தானே பொருத்தினான். அப்பம்மாவை ஸ்டூலில் இருத்திப் பந்தோடு சுற்றியும் காட்டிவிட்டான்.

இப்போது புதுக் கேள்வி ஒன்று. "நிலாவில நிண்டு பார்த்தா பூமியும் தேயுமா?" என்கிறான். தேயும் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் நிச்சயமில்லாமல் சொல்ல விரும்பவில்லை.

கொட்டாஞ்சேனை டீச்சர்

தேயும், வளரும், ஆனால் நமக்கு நேரெதிராக. நமக்கு அமாவாசை என்றால் அங்கே முழுப் பூமி. நமக்குப் பூரணை என்றால் அங்கே பூமி தெரியாது. பந்தின் இடத்தில் அவனுடைய கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தங்கச்சியின் தலை பூமியாக நடுவில் இருக்கட்டும்.

இதற்கு வானத்திலேயே ஓர் அடையாளம் உண்டு. மூன்றாம் பிறை பார்க்கப் போகும் மாலையில் பிறையின் மிச்சப் பகுதியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்க இருட்டாக இருக்காது, மங்கலாக முழு வட்டமும் தெரியும். அந்த நாட்களில் நிலாவுக்கு மேலே கிட்டத்தட்ட முழுப் பூமி பிரகாசித்துக்கொண்டிருக்கும். பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய வெளிச்சம்தான் நிலாவின் இரவுப் பக்கத்தில் விழுகிறது.

வெள்ளவத்தை அம்மா

அப்படியே சொல்கிறேன் டீச்சர். அடுத்த அமாவாசை முடிந்து மூன்றாம் நாள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மெரின் டிரைவுக்குப் போகிறோம். அம்புக்குறி விஷயத்தை வகுப்பு டீச்சரிடம் நேரில் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

தெமட்டகொட வாப்பா

நாங்களும் வருகிறோம் தங்கச்சி. ஆறு வயதுக்காரிக்குப் பந்து விளங்கியதா இல்லையா என்று டீச்சருக்கு அன்றைக்கே எழுதுகிறேன்.